பிரமாணப் பத்திரத்தில் பத்திக்குப் பத்தி எண் ஏன்: ஒரு தோட்டப் பாதை வழக்கை வைத்து

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று மொழிகளோடு பிழைப்பு. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், கோர்ட்டுக் காகிதத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், நடந்ததையெல்லாம் ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி மடித்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்கு வருவார்கள். அந்தத் தாளிலிருந்துதான் பிரமாணப் பத்திரம், மலையாளத்தில் சொன்னால் சத்தியவாங்மூலம், தயாராகிறது. தாளில் விஷயங்கள் குழம்பிக் கிடந்தால் பத்திரமும் குழம்பித்தான் வரும். அந்தத் தாளை எழுதப்போகிறவர்களுக்கும், வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து முதல் வரைவைத் தட்டச்சு செய்யும் இளைஞர்களுக்கும் இந்தக் கட்டுரை.

எடுத்துக்கொள்ளும் வழக்கு ஒன்றே ஒன்று. தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக்காரர் அடைத்துவிட்டார்; அதைத் திறந்துவிடச் சொல்லியும், மேற்கொண்டு தடுக்கக் கூடாது என்றும் இடைக்கால உத்தரவு கேட்கிறோம். இந்த வட்டாரத்தில் அடிக்கடி வரும் தகராறு. கீழே வரும் தேதிகளும் அளவுகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

எண்ணைப் பயன்படுத்துகிறவர்கள் யார்

இடைக்கால மனு விசாரணைக்கு வரும் கட்டத்தில் பொதுவாகச் சாட்சிகள் கூண்டில் ஏறுவதில்லை. நீதிபதியின் முன்னால் இருப்பவை உங்கள் பிரமாணப் பத்திரம், அதற்கு எதிராளி போடும் எதிர் பிரமாணப் பத்திரம், இரண்டு பக்கத்து ஆவணங்கள். அவ்வளவுதான். அங்கே உங்களுக்காகப் பேசுவது காகிதம். அந்தக் காகிதத்தை மூன்று பேர் மூன்று விதமாகக் கையாளுகிறார்கள்.

முதலாமவர் எதிராளி. உங்கள் ஒவ்வொரு பத்திக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்: "3-ஆம் பத்தி உண்மை, 4-ஆம் பத்தி மறுக்கப்படுகிறது" என்று. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, வழக்குரைகளைப் பற்றிப் பேசும் ஆணை 6 விதி 2-இல், தேவையான இடங்களில் பத்தி பிரித்துத் தொடர் எண் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கூற்றும் இயன்றவரை தனிப் பத்தியில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பதிலுரை எழுதுகிறவர் ஒவ்வொரு கூற்றையும் குறிப்பாக மறுக்க வேண்டும், சுற்றி வளைத்து மறுக்கக் கூடாது என்று ஆணை 8 சொல்கிறது. ஒரே பத்தியில் ஐந்து சங்கதிகளை அடைத்துவைத்தால், "இப்பத்தியில் கண்டவை சரியல்ல" என்று ஒரே வரியில் தப்பிக்க நீங்களே அவருக்கு வழி செய்துகொடுக்கிறீர்கள். ஐந்தில் நான்கை அவரால் மறுக்கவே முடியாது என்றாலும் சரி, அந்த நான்கும் ஐந்தாவதோடு சேர்ந்து அடிபட்டுப்போகும்.

இரண்டாமவர் நீதிபதி. உத்தரவு எழுதும்போது "மனுதாரரின் பிரமாணப் பத்திரம், பத்தி 7" என்று விரல் வைத்துக் காட்ட அவருக்கு ஓர் இடம் வேண்டும். எதிராளியின் வக்கீலுக்கும் அதே இடம் வேண்டும். பிரமாணம் செய்தவரைக் குறுக்கு விசாரணைக்கு வரச் சொல்ல ஆணை 19 விதி 2 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி அழைத்தால், முதல் கேள்வியே "பத்தி 7-ஐப் பாருங்கள்" என்றுதான் ஆரம்பிக்கும்.

மூன்றாமவர் நீங்களே. பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பத்திரத்தின் கடைசியில் சரிபார்ப்பு வாசகம் என்று ஒன்று உண்டு. எந்தெந்தப் பத்திகளைச் சொந்த அறிவால் சொல்கிறீர்கள், எவற்றைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பிச் சொல்கிறீர்கள் என்று அங்கே எண்ணிட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும். எண் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஆணை 19 விதி 3, பிரமாணம் செய்பவர் தன் சொந்த அறிவால் நிரூபிக்கக்கூடிய சங்கதிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையின் பேரில் சொல்லலாம், அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதையும் சேர்த்துச் சொன்னால். ஆந்திரக் காவல்துறையின் உயர் அதிகாரியாக இருந்த நம்பியார் தொடுத்த வழக்கில், முறையான சரிபார்ப்பு இல்லாத பிரமாணப் பத்திரங்களைச் சான்றாக ஏற்க முடியாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லப்பட்டவை எவ்வளவு நம்பத்தகுந்தவை என்று சோதிக்கவும், சொன்னவரைச் சொன்னதற்குப் பொறுப்பாக்கவும் சரிபார்ப்பு தேவை என்பது அந்தத் தீர்ப்பு தந்த காரணம்.

ஆகவே பத்தி பிரிப்பது கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்பதற்காக நடக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். எந்தச் சங்கதிக்கு யார் சாட்சி என்பதை அது வெளியே இழுத்துப் போடுகிறது.

தாளில் வந்த கதை

தோட்டத்துக்காரர் ஒரு பெண்மணி, வயது 41. அவர் கொண்டுவந்த தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> எங்கள் தோட்டத்துக்கு அப்பா காலத்திலிருந்தே வடக்குத் தோட்டம் வழியாகத்தான் பாதை. அது ஊருக்கே தெரியும். போன வைகாசிக் கடைசியில் நான் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்த சமயம் பார்த்து, பொக்லைன் கொண்டுவந்து குழி வெட்டி, கல்கால் நட்டு, முள்கம்பி கட்டிவிட்டார். கேட்டதற்கு மிரட்டினார். சட்டப்படி எனக்குப் பாத்தியப்பட்ட பாதையை அநியாயமாக அடைத்ததால் எனக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம்.

பேச்சாகக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. இதை அப்படியே ஒரு பத்தியாகப் போட்டுச் சத்தியம் செய்தால், எதிராளியின் வக்கீல் என்ன எழுதுவார்? "2-ஆம் பத்தி முழுவதும் மறுக்கப்படுகிறது. சம்பவ நாளில் தான் பொள்ளாச்சியில் இருந்ததாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே நேரில் காணாத ஒன்றைக் கண்டதாகப் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார்." ஆறு வரிக் கதையை இரண்டு வரியில் கவிழ்த்துவிட்டார். பாதை இருந்ததும், அது அடைக்கப்பட்டதும் உண்மையாகவே இருந்தாலும் சந்தேகம் விழுந்துவிட்டது. பொய்ச் சத்தியம் என்ற சொல்லும் வெறும் வாய்ச்சவடால் இல்லை. நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சியம் அளித்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229-இன்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

முதல் படி: வினைச்சொற்களில் கோடு போடுங்கள்

பென்சிலை எடுத்து, தாளில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லின் அடியிலும் கோடு போடுங்கள். வெட்டி, நட்டு, கட்டிவிட்டார், மிரட்டினார், அடைத்ததால். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: செய்தவர் யார், எப்போது, அது உங்களுக்கு எப்படித் தெரியும்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு. "கொண்டுவந்து, வெட்டி, நட்டு, கட்டிவிட்டார்" என்றால் கேட்பவருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுகிறவர் ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். பொக்லைனை ஓட்டியது பக்கத்துக்காரரா, அவர் அமர்த்திய டிரைவரா? கம்பி கட்டும்போது அவர் அங்கே நின்றாரா? தாளில் பதில் இல்லை என்றால் எழுதுகிறவர் தானே ஒரு பதிலைப் போட்டுவிடுவார், அதற்குச் சத்தியம் செய்வது நீங்கள். "அவர்", "அந்த ஆள்", "மேற்படியார்" எல்லாவற்றையும் அடித்துவிட்டு "1-ஆம் எதிர்மனுதாரர்" என்று ஒவ்வொரு பத்தியிலும் எழுதுங்கள். முறை சொல்லி அழைப்பதும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரை மரியாதைக்கு "அண்ணன்" என்று எழுதிவைத்தால், ஆங்கிலத்தில் அவர் உடன்பிறந்தவராகி, பாதைத் தகராறு பங்காளித் தகராறு போலத் தோன்றும்.

தேதியிலும் அதே கண்டிப்பு தேவை. "வைகாசிக் கடைசி" என்பது மலையாளக் கணக்கில் இடவம் கடைசி. கோர்ட்டுக்கு வேண்டியது 14.06.2025. தேதியையும் தொகையையும் எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும் என்று வழக்குரைகளுக்கான விதியே சொல்கிறது. பிரமாணப் பத்திரத்திலும் அதையே கடைப்பிடித்தால் தட்டச்சுப் பிழை வந்தாலும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் படி முடியும்போது நம் தோட்டத்துக்காரரிடமிருந்து வரும் பதில்கள் கதையின் உருவத்தையே மாற்றிவிடுகின்றன. 14-ஆம் தேதி காலை அவர் பொள்ளாச்சியில் இருந்தார். காலை 7 மணிக்கு அவருடைய மரங்களில் கள் இறக்கும் தொழிலாளி போனில் கூப்பிட்டு, பொக்லைன் வந்து பாதையில் குழி வெட்டுகிறது என்று சொன்னார். தோட்டத்துக்காரர் 11.30 மணிக்கு வந்து சேர்ந்தார். பாதையின் வாயில் ஆறு கல்கால்களும், அவற்றில் மூன்று வரிசை முள்கம்பியும் இருந்தன. புது மண்ணில் பொக்லைன் சக்கரத் தடம் இருந்தது. பக்கத்துக்காரர் அங்கேயே நின்றார், பேசினார்.

அவர் கண்டது, கேட்டது, அவரிடம் பேசியது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது பாருங்கள். மூன்று பத்திகள்.

இரண்டாம் படி: பத்தியைத் தனியே நிற்க வையுங்கள்

நான் சொல்லும் சோதனை எளியது. பத்தியைக் கத்தரித்து எடுத்து, வழக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், சொல்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று அந்தத் துண்டை வைத்தே அவர் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் பத்தி இன்னும் முந்தைய பத்தியின் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

சம்பவ நாளின் மூன்று பத்திகள் இப்படி அமையும்:

> 7. 14.06.2025 அன்று காலை சுமார் 11.30 மணிக்கு நான் மனுப் பாதையின் வடக்கு முனைக்கு வந்தேன். பாதையின் குறுக்கே ஆறு கல்கால்கள் நடப்பட்டு, மூன்று வரிசை முள்கம்பி கட்டப்பட்டிருந்ததையும், கால்களைச் சுற்றிப் புதிதாகத் தோண்டிய மண் கிடந்ததையும் நேரில் பார்த்தேன். அப்போது நான் எடுத்த புகைப்படங்கள் ஆவணம் 4.
>
> 8. 14.06.2025 அன்று காலை சுமார் 7 மணிக்கு, என் தோட்டத்தில் கள் இறக்கும் தொழிலாளி எனக்குத் தொலைபேசியில் பேசி, 1-ஆம் எதிர்மனுதாரர் நின்று சொல்லச் சொல்ல ஒரு பொக்லைன் இயந்திரம் மனுப் பாதையில் குழி வெட்டுவதைத் தான் அங்கிருந்து பார்ப்பதாகத் தெரிவித்தார். அவர் தெரிவித்ததை உண்மை என்று நம்புகிறேன்.
>
> 9. 14.06.2025 அன்று பகல் சுமார் 12 மணிக்கு, மனுப் பாதையின் வடக்கு முனையில், 1-ஆம் எதிர்மனுதாரர் என்னிடம், "இனி இந்த வழியில் வண்டி வரக் கூடாது, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள்" என்று கூறினார்.

முதலில் 9-ஐப் பாருங்கள். "மிரட்டினார்" என்ற சொல் காணாமல் போய்விட்டது. மிரட்டல் என்பது கேட்டவர் செய்த முடிவு. சங்கதி என்பது வாயிலிருந்து வந்த வார்த்தை. வார்த்தையை அப்படியே கொடுத்துவிட்டால், அது மிரட்டலா, அடைத்ததை ஒப்புக்கொண்ட பேச்சா என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. உள்ளபடி பார்த்தால், இந்த வழக்கில் அந்த வாக்கியம் மிரட்டல் என்பதைவிட ஒப்புதல் என்ற வகையில்தான் அதிகம் உதவுகிறது. "மிரட்டினார்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த உதவி கிடைத்திருக்காது.

இனி 8. இதில் சொல்பவர் பார்த்தது ஒன்றுமில்லை. பார்த்தவர் யார், எப்போது, எதன் வழியாகச் சொன்னார் என்பது மட்டும் இருக்கிறது. "நம்பத்தகுந்த வட்டாரத்திலிருந்து அறிந்தேன்" என்று பலர் எழுதுகிறார்கள். அது ஆணை 19 கேட்கும் ஆதாரம் ஆகாது. ஆளைக் காட்ட வேண்டும். உண்மையான பத்திரத்தில் தொழிலாளியின் பெயரும் முகவரியும் இந்த இடத்தில் வரும். இடைக்கால மனுவுக்கு இந்தப் பத்தி செல்லும். பிறகு மூல வழக்கு விசாரணைக்கு வந்து, சாட்சியின் முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்போது இந்தச் சலுகை கிடையாது. அப்போது தொழிலாளியே தனியாகப் பத்திரம் போட்டுச் சாட்சி சொல்ல வர வேண்டும். இப்போதே அவரிடமும் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி மனுவோடு வைத்துவிடுவது நல்லது.

7-ஆம் பத்தியில் "நட்டார்" இல்லை, "நடப்பட்டு" இருக்கிறது. நட்டதை அவர் பார்க்கவில்லையே. எதிராளி இதை எப்படி மறுப்பார்? ஒன்று, கல்காலே இல்லை என்று சொல்ல வேண்டும். புகைப்படம் இருக்கிறது, நீதிமன்றம் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் வந்து பார்த்தாலும் தெரிந்துவிடும். அல்லது கல்கால் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழுப்ப இடமில்லை.

ஒரு விதிவிலக்கு. எல்லாப் பத்தியிலும் பாதையின் நீள அகலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு பத்தியில், முன்பகுதியிலேயே, "இனி 'மனுப் பாதை' எனப்படும்" என்று பெயர் சூட்டிவிட்டு, கடைசிவரை அதே பெயரை மாற்றாமல் எழுதலாம். நடுவே "வழி" என்றும் "தடம்" என்றும் "ரோடு" என்றும் மாற்றி மாற்றி எழுதினால், இரண்டு பாதைகள் இருக்கின்றனவோ என்ற கேள்வி எழும். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் சொன்ன சொல்லையே சொல்லக் கூடாது என்று ஆசிரியர் திட்டியிருப்பார். இங்கே அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள்.

அளவுக்கு மீறி வெட்டுவதும் தவறு. ஒரே பேச்சின் கேள்வியையும் பதிலையும் இரண்டு பத்திகளாக்கினால் இரண்டும் பொருளிழக்கும். எதிராளி ஒரு பாதியை ஒப்புக்கொண்டு மறு பாதியை மறுக்க வாய்ப்பிருக்கும் இடத்தில் வெட்டுங்கள். அப்படி வாய்ப்பில்லாத இடத்தில் சேர்ந்தே இருக்கட்டும்.

மூன்றாம் படி: வரிசை

சம்பவத்தில் ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் கோபம் அங்கே இருக்கிறது. ஆனால் கல்கால் நட்டது தவறு என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டுமானால், அங்கே ஒரு பாதை இருந்தது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஆள், நிலம், பாதை, அனுபவம், சம்பவம், பாதிப்பு என்று போகிறோம்.

முதல் பத்தியில் நான் யார், வயது, தொழில், இருப்பிடம், இந்த விவரங்கள் எனக்கு எப்படித் தெரியும். இரண்டாவதில் என் தென்னந்தோப்பு, 1 ஏக்கர் 40 சென்ட், 2017-இல் ஆதாரம் என்று இங்கே சொல்லும் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலம் எனக்குக் கிடைத்தது. ஆதாரத்தின் நகல் ஆவணம் 1, கரம் அடைத்த, அதாவது நிலவரி கட்டிய ரசீது ஆவணம் 2. ஆதாரத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதத் தேவையில்லை. ஆவணத்தின் பகுதிகளையும் செவிவழிச் செய்தியையும் வாதத்தையும் தேவையில்லாமல் அடுக்கினால், அந்தப் பத்திரத்தின் செலவைத் தாக்கல் செய்தவர் தலையிலேயே கட்டலாம் என்று ஆணை 19 விதி 3 எச்சரிக்கிறது. மூன்றாவதில் வடக்குத் தோட்டம், 1-ஆம் எதிர்மனுதாரர் அதை 2022-இல் வாங்கினார். இது தோட்டத்துக்காரருக்கு வில்லங்கச் சான்றிலிருந்து தெரிந்தது, ஆகவே சான்று ஆவணம் 3. நான்காவதில் பாதை: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, 10 அடி அகலம், எந்த எல்லையை ஒட்டிப் போகிறது, பெயர் சூட்டல்.

அடுத்து வருவது அனுபவம். வழக்கின் உயிர் இங்கேதான். நீண்டகால அனுபவத்தால் பாதை உரிமை கேட்கிறவர், உரிமையோடும் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 20 ஆண்டுகள் அந்தப் பாதையைப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் பிரிவு 15. தாளில் இதற்கு இருந்த ஒரே வரி "அப்பா காலத்திலிருந்தே". அந்த வரியை உடைத்து, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்று கேட்டால், சுவரில் இருந்த விரிசல் தெரிகிறது. தோட்டத்துக்காரர் சிறு வயதில் அப்பாவோடு மாட்டு வண்டியில் அந்தப் பாதையில் போயிருக்கிறார். 2006-இல் கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்குப் போனார். 2016-இல் அப்பா இறந்த பிறகு திரும்பி வந்தார். நடுவில் உள்ள பத்து ஆண்டுகளில் விசேஷத்துக்கு வந்துபோனதோடு சரி.

ஒரே பத்தியாக எழுதியிருந்தால் இந்தப் பத்தாண்டு ஓட்டை குறுக்கு விசாரணையில்தான் வெளியே வந்திருக்கும், அதுவும் எதிராளி வக்கீலின் வாயால். பத்தி பிரித்ததால் இப்போதே, அடைக்க நேரம் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அடைப்பது எப்படி? பொய் சொல்லி அடைக்க முடியாது. 2006 முதல் 2016 வரை நாள்தோறும் அந்தப் பாதையில் போனவர் யார் என்று தேட வேண்டும். சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கள் இறக்குகிறவர் காலையும் மாலையும் மரத்துக்கு வருவார். கள்ளை எடுத்துப்போக வண்டி வரும். மேலே போன் செய்தாரே, அதே தொழிலாளி 2003 முதல் இந்தத் தோப்பில் வேலை செய்கிறவர் என்று தெரிந்தால், அவருடைய தனிப் பிரமாணப் பத்திரம் இரண்டு இடத்துக்கும் உதவும். எதிராளியின் நிலத்துக்கு முன்பு உடைமையாளராக இருந்தவர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

> 5. 1996 முதல் 2006 வரை நான் என் தந்தையோடு மனுத் தோப்புக்கு மனுப் பாதை வழியாகப் போய் வந்தேன்; தேங்காய் வண்டிகள் அதே பாதையில் போய் வந்ததை நேரில் பார்த்தேன். 2016 முதல் 13.06.2025 வரை நானும் என் வேலையாட்களும் மனுப் பாதையையே பயன்படுத்தினோம்.
>
> 6. 2006 முதல் 2016 வரை மனுப் பாதை தடையின்றிப் பயன்பட்டது என்பதை என் தந்தையும், மேற்படி காலத்தில் மனுத் தோப்பில் கள் இறக்கிய தொழிலாளியும் என்னிடம் சொன்னதிலிருந்து அறிந்து நம்புகிறேன். அத்தொழிலாளியின் பிரமாணப் பத்திரம் தனியே தாக்கல் செய்யப்படுகிறது.

5-ஆம் பத்தியில் இரண்டு காலங்கள் இருக்கின்றனவே, பிரிக்க வேண்டாமா என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். நானாக இருந்தால் பிரித்துவிடுவேன். எதிராளி 2022-இல்தான் நிலம் வாங்கினார். 1996-ஐப் பற்றித் "தெரியாது" என்பார், 2016-க்குப் பிறகு உள்ளதை "அனுமதி பெற்றுத்தான் போனார்" என்பார். பதில் இரண்டு விதமாக வரக்கூடிய இடத்தில் பத்தியும் இரண்டாக இருக்க வேண்டும். "அனுமதி" என்ற சொல் வந்துவிட்டதால் இன்னொன்று: யாரிடமாவது எப்போதாவது அனுமதி கேட்டுப் போனீர்களா என்று தோட்டத்துக்காரரிடம் வெளிப்படையாகக் கேட்டு, பதிலைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். அனுமதியின் பேரில் போன பாதையில் இந்த வகை உரிமை உண்டாகாது. விடை பாதகமாக இருந்தால் வக்கீலுக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும்.

கடைசியில் பாதிப்பு. "ஈடுசெய்ய முடியாத நஷ்டம்" என்பது சட்டம் போடும் அளவுகோலின் பெயர். அதை எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. 14.06.2025-க்குப் பிறகு தேங்காய் ஏற்ற வண்டி உள்ளே போக முடியவில்லை, பறித்த காய் தோப்பிலேயே கிடக்கிறது, தோப்புக்கு வேறு வண்டிப்பாதை கிடையாது என்று மூன்று சங்கதிகளை எழுதுங்கள். "சட்டப்படி", "அநியாயமாக", "ஊருக்கே தெரியும்" மூன்றையும் அடித்துவிடலாம். முதல் இரண்டும் வாதம், வக்கீல் வாயால் சொல்லிக்கொள்வார். மூன்றாவதைச் சொல்ல ஊர் வந்து கூண்டில் ஏறாது.

நான்காம் படி: சரிபார்ப்பும் சத்தியமும்

5-ஆம் பத்தியை இரண்டாக்கி, அனுமதிப் பத்தியையும் சேர்த்த பிறகு எண்கள் நகர்ந்திருக்கும். கணினி பத்தி எண்களைத் தானாக மாற்றிவிடும். சரிபார்ப்பு வாசகத்தில் கையால் அடித்த எண்கள் பழையபடியே நிற்கும். பதினான்கு பத்திப் பத்திரத்தில் "1 முதல் 11 வரையிலான பத்திகள் உண்மை" என்று முடிந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி. மீதி மூன்று பத்திகளுக்குச் சத்தியமே இல்லை. இன்னொரு காட்சி, "1 முதல் 14 வரை சொந்த அறிவாலும், கிடைத்த தகவலாலும், நம்பிக்கையாலும் உண்மை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. எது எதுவென்று பிரித்துக் காட்டாத சரிபார்ப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான். ஆகவே அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் "கண்டது", "கேட்டது", "ஆவணம்" என்று குறித்து, அதைப் பார்த்துக் கடைசி வாசகத்தை எழுதுங்கள். ஒரே பத்தியின் ஓரத்தில் இரண்டு குறிப்பு போட வேண்டி வந்தால், அந்தப் பத்தியை இன்னும் ஒருமுறை வெட்ட வேண்டும்.

பிறகு சத்தியம். நோட்டரி முன்போ நீதிமன்றம் அதிகாரம் கொடுத்த அலுவலர் முன்போ கையெழுத்திட வேண்டும்; வீட்டிலிருந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புவது செல்லாது. பத்திரம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்து, உங்களுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது என்றால், அதைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அப்படி விளக்கப்பட்டது, பிரமாணம் செய்பவர் புரிந்துகொண்டார் என்ற குறிப்பும் அடியில் வர வேண்டும். சங்கடப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பத்தி பத்தியாகத் தனித்து நிற்கும்படி எழுதிய பத்திரத்தை வாசித்துக் காட்டுவது சுலபம்: ஒரு பத்தியைத் தமிழில் சொல்லி நிறுத்தி, "இதைப் பார்த்தீர்களா, கேட்டீர்களா?" என்று கேட்கலாம். பொக்லைன் ஓட்டியது யார் என்று ஆங்கிலத்தில் தவறி வந்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். திருத்தம் செய்த இடத்தில் சத்தியம் வாங்குபவரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். வெள்ளை மை பூசி மேலே எழுத வேண்டாம், அந்தப் பக்கத்தையே புதிதாக அச்செடுப்பது மேல்.

எதிராளிக்கு அறிவிப்பு அனுப்பும் முன்பே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. ஆணை 39 விதி 3-இன்படி மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிராளிக்குச் சேர்ப்பிக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அனுப்பியதற்கு அன்றோ மறுநாளோ இன்னொரு பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அது சின்னப் பத்திரம். இரண்டு மூன்று பத்திகளில் முடிந்துவிடும்.

தாக்கல் செய்த பிறகு பழைய பத்திரத்தின் எண்களைத் தொடவே கூடாது. எதிராளி அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பதில் எழுதியிருப்பார். விட்டுப்போன சங்கதி ஏதேனும் நினைவுக்கு வந்தால், நீதிமன்ற அனுமதியோடு கூடுதல் பிரமாணப் பத்திரம் போடலாம். அதற்குத் தனியாக 1-இலிருந்து எண் கொடுத்து, முந்தையதைச் சுட்டும்போதெல்லாம் "முதல் பிரமாணப் பத்திரத்தின் பத்தி 8" என்று முழுமையாக எழுதுங்கள்.